மாலையில் குடிக்கும் ஊக்கபானமும் இரவுத் தூக்கமும்



பிள்ளை இரவில் தூங்காமல் புரண்டால், தின்ற மிட்டாயைத்தான் நாம் குறை சொல்லுகிறோம். ஆனால், டின்னில் வரும் ஊக்கபானத்தில் சீனியைவிடத் தூக்கத்தைக் கெடுக்கும் பொருள் ஒன்று உண்டு. கோப்பியிலும் தேநீரிலும் இருக்கின்ற கேஃபின்தான் அது.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதுவே நமக்குத் தூக்கக் கிறக்கத்தைத் தருகிறது. அது சென்று பற்றும் இடங்களைக் கேஃபின் முந்திக்கொண்டு அடைத்துவிடுகிறது. களைப்புத் தீருவதில்லை, நமக்குத் தெரியாமல் மறைந்து நிற்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 250 மில்லிலிட்டர் டின் ஒன்றில் பெரும்பாலும் 80 மில்லிகிராம் அளவு கேஃபின் இருக்கும். பெரியவர்களின் உடலில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் நேரமாகும். மாலை 6 மணிக்குக் குடித்தவருக்கு இரவு 11 மணிக்கும் 40 மில்லிகிராம் மிச்சமிருக்கும். விடியற்காலையில் பெரட்டுக்கு எழவேண்டியவர், அந்நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடப்பார். மறுநாள் அசதிக்கு இன்னொரு டின்னைத் திறப்பார்.

கேஃபின் இல்லாத இனிப்போ தூக்கத்தை இவ்வாறு விரட்டுவதில்லை. ஆயினும், சீனி மிகுதியாக உண்பவர்களின் உறக்கம் ஆழமின்றி அடிக்கடி கலைவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

காரணம் எதுவென்றறிய, ஒரு வாரம் நண்பகலுக்குப் பின் கேஃபினை நிறுத்திப் பாருங்கள். தூக்கம் விரைவில் வந்தால், கெடுத்தது டின்தான். பிள்ளைகளுக்கோ ஊக்கபானம் எந்த நேரத்திலும் வேண்டாம்.