சிவப்பு மை சொல்லாத காரணம்

பத்தாம் வகுப்புக் கணிதத்தைத் தனித்தேர்வராக எழுதப் படிப்பவர்களில் பலர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு பழைய வினாத்தாளை மூன்று மணி நேரத்தில் எழுதி முடிக்கிறார்கள். விடைத்தாளைப் போட்டோ எடுத்துத் தெரிந்த ஆசிரியர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அவர் அந்தப் படத்தின் மேலேயே சிவப்பில் திருத்தி, மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புகிறார். வாங்கியவர் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கிறார், திருத்தங்களை ஒருமுறை படிக்கிறார், ‘ஓ, இங்கேதான் விட்டேனா’ என்று சொல்லிக்கொண்டு அடுத்த வினாத்தாளை எடுக்கிறார். அடுத்த தாளிலும் அதே இடத்தில் அதே சிவப்புக் கோடு விழுகிறது.

திருத்தம் எங்கே தவறு என்று காட்டும். ஏன் தவறு என்று பெரும்பாலும் காட்டாது. அந்த ‘ஏன்’ எழுதியவருக்கு மட்டுமே தெரியும், அதுவும் எழுதிய ஓரிரு நாளுக்குத்தான். அதனால் திருத்திய படம் கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அதற்கு முன் போட்டோவைப் பற்றிக் கொஞ்சம். ஒரு படத்துக்கு ஒரு பக்கம், மேலே பக்க எண், சன்னல் வெளிச்சம், கையின் நிழல் விழாத கோணம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, மங்கலான கழித்தல் குறியும் அடுக்கு எண்ணும் தெரியாமல் போகலாம். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். திருத்தாத மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள். சிவப்பு மை கண்ணில் படாமல் உங்கள் பழைய விடையைப் பார்த்துத் தவறை நீங்களே தேட அது வேண்டும்.

இனி ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 300க்கும் 600க்கும் இடையே 7ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல் என்ன? எழுதியவர் முதல் உறுப்பு 301, கடைசி உறுப்பு 595 என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். 595இலிருந்து 301ஐக் கழித்து 7ஆல் வகுத்து, n = 42 என்று எடுத்துக்கொண்டு, கூடுதல் 18816 என்று முடித்திருக்கிறார். ஆசிரியர் 42ஐ அடித்து 43 என்று எழுதி, விடையை 19264 என்று மாற்றி, 5க்கு 3 போட்டிருக்கிறார்.

இதைப் பார்த்தவர் திட்டத்தில் என்ன எழுதுவார்? ‘எண்களும் தொடர்வரிசைகளும் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும்’ என்றுதான் கை போகும். அது ஒரு வாரத்தைத் தின்றுவிடும், தவறு அப்படியே இருக்கும். அவருக்குப் பாடம் தெரிகிறது, கூடுதலுக்கான சூத்திரமும் தெரிகிறது. தெரியாதது ஒன்றே ஒன்று: கழித்து வகுத்தால் கிடைப்பது இடைவெளிகளின் எண்ணிக்கை, உறுப்புகள் அதைவிட ஒன்று கூடுதல். 10 முதல் 20 வரை எத்தனை எண்கள் என்று விரல் விட்டு எண்ணினால் 11 வரும். திட்டத்தில் எழுத வேண்டிய வரி இது: ‘n = (l − a)/d + 1. +1 ஏன் என்று பார்க்காமல் சொல்ல வேண்டும். உறுப்புகளின் எண்ணிக்கை மட்டும் கேட்கும் ஐந்து கணக்குகள்.’ இருபது நிமிட வேலை.

அதே தாளில் இன்னொன்று. 50√3 மீ உயரப் பாறையின் உச்சியிலிருந்து தரையில் நிற்கும் காரை 30° இறக்கக்கோணத்தில் பார்த்தால், பாறையிலிருந்து கார் எவ்வளவு தூரம்? எழுதியவரின் விடை 50 மீ. சரியான விடை 150 மீ. ஆசிரியர் விடையை மட்டும் திருத்தியிருக்கிறார். tan 30° = 1/√3 என்பது தாளில் சரியாகவே இருக்கிறது. அப்படியானால் தவறு எங்கே? படத்தைப் பாருங்கள். 30°ஐப் பாறையின் செங்குத்துச் சுவரை ஒட்டிக் குறித்திருக்கிறார். இறக்கக்கோணம் கண்ணின் கிடைமட்டக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்கப்படுவது. இவர் பயிற்சி எடுக்க வேண்டியது முக்கோணவியலில் அல்ல, படம் போடுவதில். பாடநூலின் ஏற்றக்கோண, இறக்கக்கோணக் கணக்குகளில் ஆறுக்குப் படம் மட்டும் வரைந்து கோணத்தைக் குறித்தால் போதும், விடை காண வேண்டாம்.

இப்படி ஒவ்வொரு சிவப்புக் குறிக்கும் அருகில் நான்கு காரணங்களில் ஒன்றை எழுதுங்கள். விஷயமே தெரியாது. தெரியும், ஆனால் எந்த வழியில் தொடங்குவது என்று பிடிபடவில்லை. கை தவறியது. நேரம் போதவில்லை. ‘கவனக்குறைவு’ என்று எழுதும்போது மட்டும் நிதானியுங்கள், மனசு அதைத்தான் முதலில் நாடும். மூலப் படத்தைப் பார்த்து, யார் உதவியும் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் தவறைக் கண்டுபிடிக்க முடிந்தால் அது கைத்தவறு. முடியாவிட்டால் அது தெரியாமைதான்.

சிவப்பு மை படாத இடங்களையும் பாருங்கள். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் ஐந்து மதிப்பெண் பகுதியிலும் 14 வினாக்களில் 10 எழுதினால் போதும். விட்டுவிட்ட நான்கு நான்கு வினாக்களை ஆசிரியர் தொடமாட்டார். நீங்கள் எதற்குப் பயந்து ஒதுங்கினீர்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. ஒரு மதிப்பெண் வினாக்களில் குத்துமதிப்பாகப் போட்டுச் சரியாகிவிட்டவையும் அப்படியே. எழுதும்போதே அவற்றின் அருகில் ஒரு புள்ளி வைத்துவிட்டால், பின்னால் தேட வேண்டியதில்லை.

இத்தனையும் ஒரு பக்கத்தில் திரண்டபின் வரிசை போடலாம். கைத்தவறுகளும் ‘+1’ போன்ற ஒற்றை வரிச் சந்தேகங்களும் முதல் வாரத்துக்கு. அவை குறைந்த நேரத்தில் மதிப்பெண்ணைத் திருப்பித் தருபவை. வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறந்ததும் இதில் சேரும். அடுத்து, முற்றிலும் தெரியாதவற்றில் ஒன்றே ஒன்றை எடுங்கள். வடிவியல் வரைதலோ வரைபடமோ தெரியாதென்றால் அதுதான் முதலில். ஆளுக்கு 8 மதிப்பெண், கேட்கப்படும் வகைகளும் சில மட்டுமே. அளவியலின் கூட்டு உருவங்கள் அடுத்த மாதத்துக்குப் போகட்டும். தினம் முக்கால் மணி நேரம் கிடைப்பவர், ஒரு வாரத்துக்கு நான்கு வரிகளுக்கு மேல் எழுதக்கூடாது.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று தேதிகள் வேண்டும்: இரண்டு நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து. அந்தத் தேதிகளில் செய்ய வேண்டியது படிப்பது அல்ல. வெற்றுத் தாளில், எண்களை மாற்றி, அதே கணக்கைப் போட வேண்டும். 200க்கும் 500க்கும் இடையே 9ஆல் வகுபடும் எண்கள் எத்தனை? 33 வந்தால் அந்தத் தேதியை அடித்துவிடலாம். 32 வந்தால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் காரணத்தைத் திரும்பப் பாருங்கள், அதைத் தவறாக எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். மூன்று தேதியும் அடிபட்ட வரியைத்தான் திட்டத்திலிருந்து நீக்க வேண்டும். திருத்தத்தைப் படித்தவுடன் ‘புரிந்துவிட்டது’ என்று தோன்றுவதை நம்பி நீக்கிய வரிகள் அப்படியே திரும்பி வரும்.

ஒரு தாள் எல்லாவற்றையும் காட்டிவிடாது. எட்டுப் பாடங்களிலும் உள்ள கணக்குகளில் சிலவற்றைத்தான் ஒரு தாள் கேட்கிறது. எனவே நான்காவது ஞாயிறு வேறோர் ஆண்டின் தாளை எழுதி, போட்டோ எடுத்து, திருத்தி வாங்குங்கள். இரண்டு தாள்களின் மொத்தத்தை மட்டும் ஒப்பிட வேண்டாம், இரண்டாவது தாள் கடினமாக இருந்திருக்கலாம். நான்கு காரணங்களுக்கும் இழந்த மதிப்பெண்ணைத் தனித்தனியே கூட்டி அருகருகே வையுங்கள். முதல் தாளில் கைத்தவறால் 9 போய், இரண்டாவதில் 3 போயிருந்தால், மொத்தம் ஏறாவிட்டாலும் அந்த நான்கு வாரம் வேலை செய்திருக்கிறது. ‘தெரியாது’ என்ற பத்தி மட்டும் குறையாமல் நின்றால், அடுத்த மாதத் திட்டத்தில் முதல் வரி அதிலிருந்தே வர வேண்டும்.