பில் போடாத வேலைக்கு என்ன பெறுமதி?

கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு வருட முடிவில் சரக்கு எண்ணுவது புதிய காரியமல்ல. சீமெந்து மூட்டை எத்தனை, பெயின்ட் வாளி எத்தனை என்று எண்ணி, கொள்விலையால் பெருக்கினால் கணக்கு முடிந்தது. சந்தேகம் இருந்தால் களஞ்சியக் கதவைத் திறந்து இன்னொரு தடவை எண்ணலாம். ஆனால் பொறியியலாளர், வழக்கறிஞர், கணக்காளர், கணினி மென்பொருள் செய்து கொடுப்போர் ஆகியோரின் சரக்கு நேரம். அது களஞ்சியத்தில் அடுக்கியிருக்காது. வேலை செய்தாகிவிட்டது, பில் இன்னும் போடவில்லை என்ற நிலையிலுள்ள இந்தச் சரக்கை அவர்களுடைய ஐந்தொகையில் 'பில் போடாத வேலை' என்று ஒரே வரியில் எழுதி, பக்கத்தில் ஒரு பெரிய தொகையைப் போட்டு விடுவார்கள். அந்தத் தொகையை நம்பி நம்மில் ஒருவர் பணம் போடப் போகும் போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஐந்து சந்திப் பக்கம் இரும்புப் பொருட்கள் விற்கும் என் நண்பர் ஒருவருக்கு அப்படியொரு யோசனை வந்தது. போருக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கட்டிடங்கள் எழும்பிய வேகத்தில், வரைபடம் போடுவது, மேற்பார்வை செய்வது, கேள்விப்பத்திரம் தயாரிப்பது என்று பொறியியல் ஆலோசனை அலுவலகங்களும் பெருகின. அப்படியொரு அலுவலகம் நண்பருக்குக் காற்பங்கு தருவதாகவும், அதற்கு 70 இலட்சம் ரூபா வேண்டுமென்றும் கேட்டது. 2024 மார்ச் 31 இல் முடிந்த வருடத்தின் இலாபம் 56 இலட்சம். அதன் ஐந்து மடங்கு 280 இலட்சம். அதில் காற்பங்கு 70. கணக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் ஐந்தொகையில் பில் போடாத வேலை 84 இலட்சம் என்று ஒரு வரி கிடந்தது. அதாவது அந்த வருட இலாபத்தை விடப் பெரிய தொகை, யாருக்கும் அனுப்பாத பில்களில் இருந்தது.

நண்பர் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு கணக்காய்வாளரிடம் போனார். கணக்காய்வாளர் முதலில் கேட்டது அந்த 84 இலட்சத்தின் விபரப் பட்டியலை. பட்டியலில் மூன்று பெரிய வேலைகள் இருந்தன: ஒரு ஹோட்டல் மேற்பார்வைக்கு 18 இலட்சம், ஒரு பாடசாலைக் கட்டிட வரைபடத்துக்கு 36 இலட்சம், ஒரு திருமண மண்டபத்தின் மேலதிக வேலைக்கு 12 இலட்சம். மீதி 18 இலட்சம் சில்லறை வேலைகள். எல்லாவற்றுக்கும் கணித்த விதம் ஒன்றுதான்: டைம் ஷீட்டில் உள்ள மணித்தியாலத்தை மணித்தியாலக் கட்டணத்தால் பெருக்கி, ஏற்கனவே பில் போட்டதைக் கழித்திருந்தார்கள்.

ஆகவே முதலில் டைம் ஷீட்டையே சோதித்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டவில்லை. அலுவலகத்தில் ஆறு பேர். வாரத்துக்கு 45 மணித்தியாலம், ஜனவரி முதல் மார்ச் வரை 13 வாரம். பெருக்கினால் 3,510 மணித்தியாலம். அந்த மூன்று மாதத்தில் வாடிக்கையாளர் வேலைக்கென்று டைம் ஷீட்டில் எழுதியிருந்ததோ 3,480. தைப்பொங்கல், சுதந்திர தினம், சிவராத்திரி, மூன்று போயா தினம், ஆட்களின் லீவு, வேலை தேடிப் போன நேரம், சும்மா இருந்த நேரம் எல்லாம் சேர்த்து ஆறு பேருக்கும் 30 மணித்தியாலம்தானா? "நானா, இப்படி ஒரு கந்தோர் உலகத்தில இல்லை" என்று சிரித்தார். வாடிக்கையாளர் மீது எழுதக்கூடிய நேரம் மொத்தத்தில் முக்கால்வாசி இருந்தாலே நல்ல அலுவலகம் என்பது அவருடைய அனுபவம்.

இதன் பிறகுதான் தாள்களை எடுத்தார். லீவுப் புத்தகம், மோட்டார் சைக்கிள் ஓட்டப் பதிவு, கட்டுமான இடத்தில் மேசன்பாஸ் எழுதும் நாட்குறிப்பு ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். லீவில் நின்றவருக்கு எட்டு மணித்தியாலம், பொங்கலன்று ஒன்பது மணித்தியாலம் என்று வந்தது. தூண் அளவு பிழைத்ததால் திரும்பக் கீறிய வரைபடத்துக்குச் செலவான நேரமும் அதே பாடசாலையின் மேல் எழுதப்பட்டிருந்தது. தன் பிழையைத் திருத்திய நேரத்துக்கு வாடிக்கையாளர் காசு தரமாட்டார். அதை வேலை முன்னேறிய நேரமாகவும் எண்ண முடியாது. இன்னொன்றையும் காட்டினார். சில தாள்கள் மூன்று மாதத்துக்கும் ஒரே பேனையில், ஒரே மூச்சில் எழுதியவை போலிருந்தன. அன்றன்று எழுதாத டைம் ஷீட் ஞாபகத்தில் எழுதியது; சில வேளை தேவைக்கு எழுதியது.

இது சிறிய அலுவலகங்களின் வியாதி மட்டுமல்ல. இந்தியாவின் சத்யம் கணினி நிறுவனத்தில், 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை எழுத்தில் ஒப்புக்கொண்ட பின் விசாரணையாளர்கள் கண்ட விடயமும் இதனோடு தொடர்புடையதுதான். அங்கே ஊழியர் நேரத்தைப் பதிவதற்கு ஒரு முறைமை, அதிலிருந்து பில்லுக்கான தொகை போவதற்கு இன்னொரு முறைமை, கடைசியில் பில் என்று ஒழுங்கான பாதை இருந்தது. ஆயிரக்கணக்கான போலி பில்கள் அந்தப் பாதையில் வராமல் நேரே கடைசிப் படியில் நுழைக்கப்பட்டிருந்தன. பில்லைப் பிடித்துப் பின்னோக்கி நடந்து, இது எந்த ஊழியரின் எந்த நாள் வேலை என்று கேட்டிருந்தால், அங்கே ஆளும் இல்லை, நாளும் இல்லை.

ஆனால் மணித்தியாலம் உண்மையாக இருந்தாலும் போதாது. கணக்காய்வாளர் ஒப்பந்தங்களைத் திறந்த பிறகுதான் பெரிய வெட்டுகள் விழுந்தன.

ஹோட்டல் வேலை மணித்தியாலக் கட்டணத்தில் எடுத்தது. ஆனால் ஒப்பந்தத்தின் உட்பக்கத்தில் ஒரு வரி: மொத்தக் கட்டணம் 60 இலட்சத்தைத் தாண்டக்கூடாது. ஏற்கனவே 48 இலட்சத்துக்குப் பில் போட்டு விட்டார்கள். எத்தனை நாள் வெயிலில் நின்று மேற்பார்வை செய்தாலும் இனிக் கேட்கக்கூடியது 12 இலட்சம்தான். 18 இலட்சத்தில் 6 போய்விட்டது.

பாடசாலை வேலையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதற்குக் கட்டணம் ஒரே தொகையாக 90 இலட்சம். ஆரம்ப வரைபடத்துக்கு 20 வீதம், விரிவான வரைபடத்துக்கு 30, கேள்விப்பத்திரத்துக்கு 20, கட்டுமான மேற்பார்வைக்கு 30 என்று பிரித்திருந்தார்கள். முதல் இரண்டும் முடிந்து 45 இலட்சத்துக்குப் பில் போயிருந்தது. அலுவலகம் 2,700 மணித்தியாலத்தை 3,000 ரூபாவால் பெருக்கி 81 இலட்சம் என்று வைத்து, 45ஐக் கழித்து 36 என்று எழுதியது. ஒரே தொகைக்கு எடுத்த வேலையில் இப்படிப் பெருக்கவே கூடாது. நேரம் கூடச் செலவானால் அங்கே வருமானம் கூடுவதில்லை, செலவுதான் கூடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி, முழு வேலையில் எத்தனை பங்கு முடிந்திருக்கிறது என்பது.

பொய் நேரத்தையும் திரும்பக் கீறிய நேரத்தையும் சேர்த்து 300 மணித்தியாலத்தை வெட்ட, நல்ல நேரம் 2,400 ஆனது. முழு வேலைக்கும் 3,000 மணித்தியாலம் பிடிக்கும் என்று ஆரம்பத்தில் மதிப்பிட்டிருந்தார்கள். அதைத் திருத்தாமலே வைத்திருந்தார்கள். கணக்காய்வாளர் வேலை செய்யும் இளம் பொறியியலாளரைத் தனியாகக் கேட்டார்: "தம்பி, இனி எவ்வளவு கிடக்குது?" அவர் விரல்விட்டு எண்ணி, மேற்பார்வையையும் சேர்த்து 1,600 மணித்தியாலம் என்றார். அப்படியானால் மொத்தம் 4,000; முடிந்தது 60 வீதம்; 90 இலட்சத்தில் 54. பில் போட்ட 45ஐக் கழித்தால் 9 இலட்சம்.

இதை இன்னொரு வழியாலும் சரிபார்த்தார். கேள்விப்பத்திரம் பாதி எழுதியிருந்தது. அந்தப் படியின் கட்டணம் 18 இலட்சம், பாதி 9. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றன. எப்போதும் இவ்வளவு அழகாகச் சேராது. ஆனால் மிகத் தூரமாக நின்றால் ஏதோ ஒன்று பிழை. உண்மையில் டைம் ஷீட்டே பார்க்காமல் இந்த 36 இலட்சத்தைச் சந்தேகப்பட்டிருக்கலாம். 27 இலட்சம் பெறுமதியான மேற்பார்வை இன்னும் ஆரம்பிக்கவே இல்லாத போது, 90 இல் 81 எப்படி உழைத்தாகி இருக்கும்?

திருமண மண்டபக்காரர் வெளிநாட்டில் இருப்பவர். மாடியில் இன்னொரு மண்டபமும் வேண்டுமென்று தொலைபேசியில் சொன்னாராம். அதற்கு வரைபடமும் கீறிவிட்டார்கள். ஒப்பந்தமோ, எழுத்தில் கட்டளை வராத மேலதிக வேலைக்குக் கட்டணம் இல்லை என்கிறது. 12 இலட்சத்துக்குப் பூச்சியம்.

ஒப்பந்த வாசகத்தின் எடை எவ்வளவு என்பதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லலாம். மெல்பேர்ணைத் தளமாகக் கொண்ட ஸ்லேட்டர் அன்ட் கோர்டன் என்ற வழக்கறிஞர் நிறுவனம், 2015 இல் குவின்டெல் என்ற நிறுவனத்தின் சட்டப் பிரிவை 637 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. வென்றால்தான் கட்டணம் என்ற நிபந்தனையில் எடுத்த ஏராளமான நட்டஈட்டு வழக்குகள் அதில் இருந்தன. அந்த வகை வழக்கில் எத்தனை மணித்தியாலம் எழுதினாலும், வழக்கு முடிந்து காசு வரும் வரை உறுதியில்லை. விற்பனை முடிந்து சில மாதங்களில் குவின்டெல் தன் 2013 கணக்கைத் திருத்தியது: 83 மில்லியன் பவுண் இலாபம் 68 மில்லியன் நட்டமாக மாறியது. வாங்கியவர்கள் அடுத்த வருடமே பெருந்தொகையைப் பதிவழித்து நட்டம் காட்டினார்கள். குவின்டெலின் 2013 கணக்கைத் தணிக்கை செய்த கேபிஎம்ஜிக்கு 2018 இல் அபராதம் விழுந்தது.

மீதி 18 இலட்சம் சில்லறை வேலைகளுக்கு அவர் பார்த்தது ஏப்ரல், மே மாத பில் புத்தகத்தையும் வங்கிக் கூற்றையும்தான். உண்மையான வேலை என்றால் வருடம் முடிந்த கையோடு பில் போயிருக்கும், காசும் வரத் தொடங்கியிருக்கும். 13 இலட்சத்துக்கு அப்படி வந்திருந்தது. மற்ற 5 இலட்சம் ஒரு வருடத்துக்கு மேலாக அசையாமல் கிடந்தவை. நம்முடைய கடையில் தூசி படிந்த சரக்கு போல என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டிப் பார்த்தால் 12, 9, பூச்சியம், 13. மொத்தம் 34 இலட்சம். 84இல் 50 இலட்சம் கரைந்தது. கரைந்த ஒவ்வொரு ரூபாவும் இலாபத்திலிருந்துதான் போக வேண்டும். 56 இலட்ச இலாபம் 6 ஆனது. அதே ஐந்து மடங்கு, அதே காற்பங்கு என்று பார்த்தால் 70 இலட்சத்துக்குப் பதில் ஏழரை இலட்சம். அசையாத 5 இலட்சத்தில் ஒரு பகுதி முந்திய வருடத்துக்கு உரியது என்று வாதிடலாம். அப்படிப் பார்த்தாலும் 70 பக்கம் போகவே முடியாது.

அலுவலகக்காரர் கள்ளர் அல்லர். நல்ல வரைபடக்காரர், கணக்கைத்தான் மணித்தியாலத்தால் மட்டும் பார்த்துப் பழகி விட்டார். முதலில் கோபப்பட்டார். பிறகு வெளிநாட்டுக்காரரைப் பிடித்து, மேலதிக வேலைக்கு 8 இலட்சம் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். கணக்காய்வாளர் கடிதத்தை வாசித்து, திகதியைப் பார்த்தார். ஜூன் 11. "இது நல்ல கடிதம்தான் ஐயா, ஆனால் அடுத்த வருசக் கணக்குக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். விலைப் பேச்சு அந்த 34 இலட்சத்தை வைத்து மறுபடி ஆரம்பமானது.