உறை என்றால் எந்த உறை?

பாரிஸ் லா ஷாப்பெல் பக்கத்துச் சைவ வீடுகளுக்கு மரக்கறி கிடைப்பதில் சிரமமில்லை. சிக்கல் சூப்பர்மார்க்கெட்டின் சீஸ் அடுக்கில் தொடங்குகிறது. பொட்டலத்தில் நான்கே பிரெஞ்சுச் சொற்கள்: லே, செல், ஃபெர்மான், பிரெசூர். முதல் இரண்டும் பால், உப்பு. மற்ற இரண்டையும் தமிழாக்கச் சொன்னால், இரண்டுக்குமே 'உறை' என்று எழுதிவிடத் தோன்றும். தவறு அங்கேதான் நடக்கிறது.

ஃபெர்மான் என்பது நம் உறைமோரில் இருப்பதைப் போன்ற நுண்ணுயிர், பாலைப் புளிக்கவைக்கும். பிரெசூர், பால்குடி மறவாத கன்றை அறுத்து அதன் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. பாலைக் கட்டியாகத் திரளவைக்கும். ஆகவே அதைக் 'கன்றின் இரைப்பை நொதி' என்று விரித்தே எழுத வேண்டும். சொல் நீண்டால் நீளட்டும். 'கோஆகுலான்' என்ற சொல்லோடு 'மிக்ரோபியன்' என்றும் அச்சாகியிருந்தால், அது நுண்ணுயிரிலிருந்து வந்த நொதி, கன்றுக்குத் தொடர்பில்லை.

பட்டியலே இல்லாத சீஸும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதிப்படி, பாலும் உப்பும் நொதியும் நுண்ணுயிரும் மட்டுமே சேர்ந்த பெரும்பாலான சீஸ்களுக்குச் சேர்பொருள் பட்டியல் கட்டாயமில்லை. அங்கே சீஸின் பெயரைத்தான் படிக்க வேண்டும். 'கோம்தே' என்றிருந்தால் கன்று நொதிதான். அந்தப் பெயருக்கான தயாரிப்பு விதியே அதைக் கேட்கிறது.

தடித்த எழுத்தையும் நம்பி இருந்துவிடக் கூடாது. மிட்டாய் உறையில் பால் தடித்து நிற்கும். பன்றித்தோலில் எடுத்த ஜெலத்தீன் சாதாரண எழுத்தில் ஒதுங்கியிருக்கும். தடித்த எழுத்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கானது.

லிப்ஸ்டிக் பெட்டியில் நிலைமை வேறு. மேலே பிரெஞ்சு இருந்தாலும், சேர்பொருள் பட்டியல் பிரெஞ்சு அல்ல; உலகப் பொதுப்பெயர்கள், பல லத்தீனில். பிரெஞ்சு அகராதியில் 'லாக்' ஏரி. இந்தப் பட்டியலிலோ அது பால். 'மெல்' தேன், 'சேரா ஆல்பா' தேன்மெழுகு. CI 75470 என்ற சிவப்பு, கள்ளிச்செடியில் வாழும் பூச்சிகளை உலர்த்தி எடுப்பது. உணவில் அதுவே E 120. ஆனால் +/- குறிக்குப் பின்னால் CI 75470 வந்தால், அந்த வரிசையின் ஏதோ ஒரு நிறத்தில் அது இருக்கலாம் என்றே பொருள்; கையிலிருக்கும் நிறத்தில் இல்லாமலும் போகலாம்.

கிளிசரினுக்கும் ஸ்டியரிக் அமிலத்துக்கும் எந்த மொழிபெயர்ப்பும் விடை சொல்லாது. கொழுப்பிலிருந்தும் வரும், தாவர எண்ணெயிலிருந்தும் வரும், பெயர் ஒன்றே. தமிழ்ப் பட்டியலில் அவற்றுக்கு நேரே 'மூலம் தெரியவில்லை' என்று எழுதுவதே நேர்மை. பெட்டியில் அச்சிட்ட முகவரிக்கு, அந்த ஒரு பொருளைப் பெயர்சொல்லி, விலங்கா தாவரமா என்று கேட்டு எழுதலாம்.