கணக்கில் உண்டு, அலமாரியில் இல்லை

மார்ச் மாதக் கடைசி வந்துவிட்டால், மளிகைக் கடைகளில் ஒரு ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டாக் எடுப்பார்கள். ஒருவர் ரேக் முன்னால் நின்று எண்ணிச் சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுதுவார். மறுநாள் அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பழைய எண்களை அழித்துவிடுவார்கள். கணக்கு நேராகிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நடுவில் என்ன நடந்தது என்ற விவரமும் அதோடு அழிந்துபோகிறது. ராத்திரி கண்விழித்ததற்கான பலன் அந்த விவரத்தில்தான் இருக்கிறது.

கணக்கு இருப்பு என்பது எளிய கூட்டல் கழித்தல்தான். முந்தைய இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்றதையும் திருப்பி அனுப்பியதையும் கழித்தால், கடையில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று வரும். கையால் எண்ணிப் பார்த்தது நேரடி இருப்பு. இந்த இரண்டையும் அருகருகே எழுதி, வித்தியாசத்துக்கு ஒரு பத்தி, அதற்கு அடுத்து காரணத்துக்கு ஒரு பத்தி போட்டால் ஸ்டாக் அட்டவணை தயார்.

எண்ணப் போகிறவரின் தாளில் கணக்கு இருப்பு இருக்கவே கூடாது. ‘60’ என்று தாளில் பார்த்துவிட்டவர் 58 எண்ணினால், தான்தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்து 60 என்றே எழுதிவிடுவார். அதேபோல எண்ணத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, எண்ணி முடியும்வரை புது பில் போடாமலும் வந்த சரக்கை உள்ளே ஏற்றாமலும் இருக்க வேண்டும்.

ஒரு சின்ன மளிகைக் கடையை மனத்தில் வைத்துக்கொள்வோம். அதன் அட்டவணையில் வித்தியாசம் வந்த வரிகள் இவை:

| சரக்கு | கணக்கில் | எண்ணியதில் | வித்தியாசம் |
|---|---|---|---|
| துவரம்பருப்பு (கிலோ) | 148 | 143.5 | −4.5 |
| சந்தன சோப்பு | 60 | 48 | −12 |
| வேப்பிலை சோப்பு | 41 | 53 | +12 |
| தேங்காய் எண்ணெய் பாட்டில் | 52 | 28 | −24 |
| பிஸ்கட் பாக்கெட் | 34 | 41 | +7 |
| முந்திரி 50 கிராம் பாக்கெட் | 37 | 32 | −5 |

முதலில் தேங்காய் எண்ணெய். 24 என்ற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு பெட்டியில் 24 பாட்டில்கள். குறைவு சரியாக ஒரு பெட்டி அளவு இருந்தால், சரக்கைத் தேடும் முன் பில்லைத் தேட வேண்டும். பார்த்தால், முந்தின நாள் சாயங்காலம் ஏஜென்சிக்காரர் கொடுத்துவிட்டுப் போன பில்லை அன்றே ஏற்றியிருக்கிறார்கள். பெட்டி மறுநாள்தான் வந்து இறங்கியிருக்கிறது. எண்ணெய் எங்கும் போகவில்லை. ‘பில் முன்னே, சரக்கு பின்னே, பெட்டி மறுநாள் வந்தது’ என்று காரணப் பத்தியில் எழுதி, பில் எண்ணையும் குறித்துவிட்டால் இந்த வரி முடிந்தது.

அடுத்து சோப்பு. ஒன்றில் 12 குறைவு, பக்கத்து வரியில் 12 கூடுதல். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே விலை. வாடிக்கையாளர் இரண்டு மணத்திலும் கலந்து மூன்று சோப்பு எடுத்து வைக்கிறார். கல்லாவில் இருப்பவர் அவசரத்தில் ஒரு வேப்பிலை சோப்பை மட்டும் ஸ்கேன் செய்து, எண்ணிக்கையில் மூன்று என்று அடிக்கிறார். பணத்தில் ஒரு பைசா குறையாது. ஆனால் சந்தன சோப்பு 60 இருப்பதாகக் கணக்கு சொல்லிக்கொண்டே இருக்கும். ரேக் காலியாகும்போதும் ஆர்டர் போகாது. ஒன்றுக்கொன்று கழித்து ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதிவிட்டால் இந்தப் பழக்கம் கண்ணில் படாது. அதனால் ஒவ்வொரு சரக்கின் வித்தியாசத்தையும் தனித்தனி வரியாகவே வைக்க வேண்டும்.

பிஸ்கட்டில் 7 பாக்கெட் கூடுதல். கூடினால் லாபம்தானே என்று பலர் இதைத் தொடுவதே இல்லை. ஆனால் கொள்முதல் பில்லை எடுத்துப் பார்த்தால், 12 வாங்கினால் 1 இலவசம் என்ற திட்டத்தில் 120 பாக்கெட்டுக்கு 10 இலவசமாக வந்திருக்கிறது. கணக்கில் 120 மட்டுமே ஏறியிருக்கிறது. அந்த 10 பாக்கெட்டையும் ஏற்றினால் கணக்கு இருப்பு 44 ஆகிறது. எண்ணியதோ 41. ஆக, 7 கூடுதல் என்று தெரிந்த இடத்தில் உண்மையில் 3 குறைவு. அந்த மூன்றும் ரேக்கின் பின்பக்கம் நொறுங்கிக் கிடந்து, யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். உடைந்ததை எழுதிவைக்கக் கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு இருந்திருந்தால் இந்தத் தேடலே வேண்டியிருக்காது.

துவரம்பருப்பில் 4.5 கிலோ குறைவு. மூட்டை பிரித்துப் பொட்டலம் போட்டால் கொஞ்சம் போகத்தான் செய்யும் என்று கடைக்காரர்கள் விட்டுவிடும் வரி இது. கழிவு உண்டுதான். ஆனால் எவ்வளவு, எதனால் என்பதை அளந்து பார்க்கலாம். ரேக்கில் இருக்கும் ஒரு கிலோ பொட்டலங்களில் பத்தை எடுத்து, காலி கவரின் எடையைக் கழித்துத் தராசில் வைத்தால் 10 கிலோ 100 கிராம் காட்டுகிறது. பொட்டலம் ஒன்றுக்கு 10 கிராம் கூடுதல். குறைந்துவிடக் கூடாதே என்று பையன் ஒரு சிட்டிகை சேர்த்துப் போடுகிறான். போன தடவை எண்ணியதிலிருந்து போட்ட பொட்டலங்கள் 450. ஒவ்வொன்றிலும் 10 கிராம் என்றால் சரியாக 4.5 கிலோ. திருட்டும் இல்லை, எலியும் இல்லை. தராசு முன்னால் கை கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கிறது. எடை குறைத்துப் போடுவது குற்றம். அதனால் கையை இறுக்கச் சொல்லாமல், தராசில் ஒரு கிலோ நிற்கும்வரை நிதானமாகப் போடச் சொல்ல வேண்டும்.

கடைசியில் முந்திரி. பில்களைப் பார்த்தாயிற்று. மறுபடி எண்ணியாயிற்று. வேறு எந்த வரியிலும் ஐந்து கூடவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனீர்களா என்று முதலாளி அம்மாவிடமும் கேட்டாயிற்று; இல்லை என்கிறார். இங்கேதான் நேர்மை வேண்டும். ‘எலி’ என்றோ ‘கழிவு’ என்றோ எழுதி மூடிவிடாமல், ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுத வேண்டும். விலை கூடிய, சட்டைப்பையில் அடங்கும் சரக்கில் இப்படி வந்தால் களவாக இருக்கலாம். ஆனால் ஒரே எண்ணிக்கையை வைத்து வேலைக்காரர் யார் மேலும் பழி போடக் கூடாது. முந்திரியைக் கல்லாவுக்குப் பக்கத்து ரேக்குக்கு மாற்றி, வாரம் ஒரு முறை அதை மட்டும் எண்ணினால், குறைவு தொடர்கிறதா நின்றுவிட்டதா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

இப்போது ரூபாயில் பார்ப்போம். வித்தியாசத்தைக் கொள்முதல் விலையில்தான் மதிப்பிட வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய், எண்ணெய் 90, பிஸ்கட் 9, முந்திரி 50 என்று வைத்துக்கொண்டால், முதல் அட்டவணை காட்டும் நிகரக் குறைவு 2,887 ரூபாய். காரணம் தேடிய பிறகு உண்மையான நஷ்டம் பருப்பில் 540, முந்திரியில் 250, பிஸ்கட்டில் 27, ஆக 817 ரூபாய். காரணம் தெரியாதது அதில் 250 மட்டும்.

ஜிஎஸ்டி கட்டும் கடைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தொலைந்துபோன, திருடுபோன, அழிந்துபோன, கணக்கிலிருந்து தள்ளுபடி செய்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்கிறது சட்டத்தின் 17(5) பிரிவு. முந்திரிக்கும் நொறுங்கிய பிஸ்கட்டுக்கும் ஏற்கெனவே எடுத்த வரவைத் திருப்ப வேண்டும். எண்ணெய்க்கும் சோப்புக்கும் அந்த அவசியமே இல்லை. காரணப் பத்தி காலியாக இருந்தால் எது எந்த வகை என்று ஆடிட்டராலும் சொல்ல முடியாது.

இந்த மார்ச்சில் ஸ்டாக் எடுக்கும்போது, காரணப் பத்தி நிரம்பும்வரை கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய எண்ணை அழிக்காதீர்கள்.