இருட்டறைக்கு எந்தப் பட முறை?

விவிட், ஸ்டாண்டர்ட், மூவி ஆகிய முறைகள் டிவியின் திரையை மாற்றுவதில்லை. வெளிச்சம், வெண்மையின் சாயல், நிற அடர்த்தி, விளிம்புக் கூர்மை, அசைவை வழவழப்பாக்கும் வசதி ஆகியவற்றின் அளவுகளையே மாற்றுகின்றன.

இவற்றில் முக்கியமானது வெண்மை. படங்களுக்கு நிறம் சேர்க்கும் கூடங்களில் வெள்ளை ஏறத்தாழ 6500 கெல்வினில் வைக்கப்படுகிறது. மூவி முறை அதை ஒட்டியே செல்கிறது. விவிட் முறையில் வெள்ளை நீலம் பாய்ந்து, முகங்கள் இயல்பு நிறத்தை இழக்கின்றன. பளிச்சென்ற கடை வெளிச்சத்தில் கண்ணைக் கவர அது உதவும், வீட்டில் அதற்கு வேலையில்லை. ஸ்டாண்டர்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பகல் வெளிச்சத்தில் செய்தி பார்க்கப் போதும்.

இருட்டறைக்கு மூவியே சரி. முதலில் படம் மஞ்சளாகத் தோன்றும். சில நாட்களில் கண் பழகிவிடும். அப்போதும் கண் கூசினால் பேக்லைட்டைக் குறைக்க வேண்டும். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்பது கருமையின் அளவை மாற்றும் அமைப்பு. அதைக் குறைத்தால் இரவுக் காட்சியில் கறுப்புச் சட்டையின் மடிப்புகள் கரிய திட்டாகிவிடும். கூட்டினால் படத்தின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகள் சாம்பல் நிறமாகும்.