இருட்டில் ஒளிரும் தேள்

கற்பிட்டி, புத்தளம் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில், இரவில், மட்டைக் குவியல் ஓரமாகக் கழியூதா டோர்ச்சை அடித்துப் பாருங்கள். அங்கே தேள் இருந்தால் நீலப்பச்சையாக ஒளிரும்.

அந்த ஒளி தேளுக்குள் எரிவதல்ல. அதன் மேலோட்டில் பீற்றா கார்போலின் போன்ற சேர்மங்கள் இருக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிரை அவை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பி விடுகின்றன. தோலுரித்த தேள் உடனே ஒளிராது. புதிய ஓடு இறுக இறுகத்தான் ஒளிரத் தொடங்கும். செத்துப் பல வருடம் போத்தலில் கிடந்த தேள்கூட ஒளிரும்! இதனால் தேளுக்கு என்ன பயன்? வெளிச்சத்தை உடம்பாலேயே உணர்ந்து மறைவிடம் தேட உதவுகிறது என்பது ஒரு கருத்து. விவாதம் இன்னும் முடியவில்லை.

வேட்டைக்கு வருவோம். நட்டுவக்காலியின் கவ்வுகால்கள் தடித்தவை. வளர்ந்த நட்டுவக்காலி கரப்பானைப் பிடித்தால் அப்படியே நசுக்கிவிடும். கொடுக்கைப் பெரும்பாலும் தொடுவதேயில்லை. நஞ்சைத் திரும்பச் சுரக்க உடற்சக்தி செலவாகுமே! யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணப்படும் இந்தியச் செந்தேளோ நேர்மாறு. மெலிந்த கவ்வுகால் பிடித்துக்கொள்ள மட்டுமே. இரையை அடக்குவது கொடுக்குத்தான். அதன் நஞ்சு மனிதரின் இதயத்தையும் பாதிக்கும்.

ஆகவே, உருவத்தில் சிறியது என்று அலட்சியம் வேண்டாம். தேள் கொட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.