சொல்லலும் மறைத்தலும்: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் தொலைதூர உரையாடலில் உறவு முரணியக்கம்

முன்னுரை

நியூ செர்சி, கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதி, டெக்சாசு ஆகியவை அமெரிக்காவில் தமிழர் மிகுதியாக வாழும் இடங்களுள் அடங்கும். அங்குள்ள மகனோ மகளோ தமிழகத்துப் பெற்றோருடன் நாள்தோறும் பேசுவது இன்று இயல்பாகிவிட்டது. ஆயினும் பேச்சின் அளவு கூடியதால் எல்லாம் பேசப்படுகின்றன என்று கொள்வதற்கில்லை. வேலையிழப்பை மகன் பெற்றோரிடம் மறைக்கிறான். அறுவை மருத்துவத்தைப் பெற்றோர் மகனிடம் மறைக்கின்றனர். இருதரப்பினரும் தம் செயலுக்குக் கூறும் காரணம் அன்பே. இவ்விருவழி மறைப்பை உறவு முரணியக்கக் கோட்பாட்டின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது. வெளிப்படைக்கும் மறைப்புக்கும் இடையிலான இழுபறியைத் தமிழ்க் குடும்பங்கள் ‘சொல்வதா, வேண்டாவா’ என்ற வினாவாக மட்டும் எதிர்கொள்வதில்லை. ‘யார் வழியாக, யாருக்கு முதலில்’ என்ற வினாவாகவே பெரிதும் எதிர்கொள்கின்றன என்பது இதன் கருத்து.

கோட்பாடு

இரசிய அறிஞர் மிகயீல் பக்தினின் உரையாடலியச் சிந்தனையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்கத் தொடர்பியல் அறிஞர்களான லெசுலி பாக்சுடர், பார்பரா மான்ட்கோமெரி ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட நூலில் இக்கோட்பாட்டை விரிவாக வகுத்தனர். நெருக்கமும் தன்னுரிமையும், வெளிப்படையும் மறைப்பும் போன்ற எதிர்நிலைகள் ஒவ்வோர் உறவிலும் ஒருங்கே இயங்குகின்றன. அவை தீர்க்கப்பட வேண்டிய குறைகள் அல்ல. உறவை இயக்கும் விசைகள். எனவே ஒரு பக்கம் மட்டும் வென்றுவிடும் உறவு நலமான உறவு ஆகாது.

பாக்சுடர் 2011இல் இக்கோட்பாட்டைத் திருத்தியமைத்தார். முரண் மனிதரின் உள்ளத் தேவைகளுக்கு இடையில் நிகழ்வதன்று. பேச்சில் மோதிக்கொள்ளும் சொல்லாடல்களுக்கு இடையில் நிகழ்வது என்றார். இத்திருத்தம் தமிழ்ச் சூழலுக்குப் பெரிதும் பொருந்துகிறது. மேலைச் சூழலில் மறைப்புக்கு நியாயமாகப் பெரும்பாலும் தனிமனித உரிமை கூறப்படும். தமிழ்க் குடும்பத்தில் ‘இது என் சொந்த விவகாரம்’ என்ற வாதம் அரிதாகவே எழுகிறது. இங்கு மோதும் இரண்டு சொல்லாடல்களும் அன்பின் பெயரால் பேசுகின்றன. ‘மறைக்காமல் சொல்வதே பாசம்’ என்பது ஒன்று. ‘தொலைவில் இருப்பவரைக் கவலைக்கு ஆளாக்காமையே பாசம்’ என்பது மற்றொன்று.

இம்மோதலை ஒரே தொடரில் காணலாம். “ஒண்ணும் இல்லப்பா, சாதாரண காய்ச்சல்தான், நீ கவலைப்படாதே” என்று தாய் கூறுகிறார். ‘ஒன்றும் இல்லை’ என்னும் மறுப்பு, எவரும் கேளாத ஒரு வினாவுக்கு விடையாக வருகிறது. ஏதோ உண்டு என்னும் குரலை முன்வைத்தே அது மறுக்கிறது. ‘தான்’ என்னும் இடைச்சொல் செய்தியின் எல்லையைச் சுருக்குகிறது. ‘கவலைப்படாதே’ என்னும் ஏவல், கவலைக்கு இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறது. மறைக்க எழுந்த தொடரே மறைப்பைக் காட்டிக்கொடுக்கிறது. பாக்சுடரின் பகுப்பாய்வு முறை மறுப்பு, எதிர்நிலை, ஐயம் ஆகியவற்றின் மொழிக்குறிகளைத் தேடச் சொல்வது இதனாலேயே.

நேரமும் கருவியும்

விரிகுடாப் பகுதிக்கும் தமிழகத்துக்கும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணிநேரம் வேறுபாடு, கோடையில் பன்னிரண்டரை. டெக்சாசின் பெரும்பகுதிக்கு அது முறையே பதினொன்றரை, பத்தரை. நியூ செர்சிக்குப் பத்தரை, ஒன்பதரை. ஆகவே விரிகுடாப் பகுதியில் அலுவலகத்துக்குக் காரோட்டிச் செல்லும் காலை எட்டு மணி, குளிர்காலத்தில் ஊரில் இரவு ஒன்பதரை. பேசும் நேரம் இவ்வாறு அன்றாட ஒழுங்கோடு பிணைந்துவிடுவதால், நேரம் மாறினாலே ஊரில் உள்ளவர்களுக்கு ஐயம் எழுகிறது.

கருவியும் வாளாவிருப்பதில்லை. வாட்சப் செயலியில் ‘கடைசியாகப் பார்த்த’ நேரம் தெரிகிறது. 2014 முதல் படித்ததற்கான நீலக்குறியும் தெரிகிறது. கடிதத்தில் எழுதுபவர் விரும்பியதே போய்ச்சேரும். இக்கருவியிலோ அவர் சொல்லாததும் சேர்ந்து போகிறது. மறைப்பதற்கும் கருவியே வழி தருகிறது. “நெட் சரியில்லை” என்று காணொளியை நிறுத்திக் குரலழைப்புக்கு மாறுவது, முகத்தை மறைக்கும் எளிய வழியாகப் பயன்படுகிறது.

ஒரு சூழல்

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் ஏறத்தாழ 11,000 பேரையும், 2023 சனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் ஏறத்தாழ 12,000 பேரையும் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தன. எச்-1பி நுழைவிசைவில் பணியாற்றுவோருக்கு வேலை முடிந்த பின் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. தங்கும் அனுமதி அதற்கு முன்பே முடிவடைந்தால் அவகாசமும் குறையும். அதற்குள் வேறு நிறுவனம் அவருக்காக மனுச்செய்ய வேண்டும். அல்லது அவர் வேறு தங்குநிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்றேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இடையில் ஊருக்குச் சென்றால் அவகாசம் அத்துடன் முடிகிறது. புதிய நிறுவனத்தின் மனு ஏற்கப்படாமல் அந்த நுழைவிசைவில் திரும்ப இயலாது.

இப்பின்னணியில் விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட ஒரு சூழலைக் காணலாம். சன்னிவேலில் வேலையிழந்த மகன் மனைவியிடம் அன்றே சொல்கிறான். ஐந்தாம் நாள் டெக்சாசு மாநிலம் பிளேனோவில் வாழும் அக்காளிடம் சொல்கிறான். கும்பகோணத்திலுள்ள பெற்றோரிடம் சொல்லவில்லை. நாள்தோறும் காலை எட்டு மணிக்கு, நிறுத்தி வைத்த காரில் அமர்ந்து தாயை அழைக்கிறான். சாலையின் இரைச்சல் இல்லாததைத் தாய் கவனிக்கிறார்: “வண்டி ஓட்டலையா?” மகன் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறான். அதே வாரங்களில் தந்தைக்குத் தஞ்சையில் இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்படுகிறது. “அப்பா தூங்கிட்டார்” என்ற விடையே மகனுக்குக் கிடைக்கிறது, காணொளி நிறுத்தப்படுகிறது.

வேலை தேடுவதற்காக மகன் லிங்க்டுஇன் தளத்தில் தன் படத்தைச் சுற்றி, வேலைக்கு ஆயத்தமாக இருப்பதைக் காட்டும் பச்சை வளையத்தை இடுகிறான். நியூ செர்சியின் எடிசனில் உள்ள சித்தப்பா மகன் அதைக் காண்கிறான். தன் தாயுடன் பேசும்போது, “அண்ணாவுக்கு வேற வேலை கிடைச்சிடுச்சா?” என்று அக்கறையோடு கேட்கிறான். சித்தி அதே கேள்வியைத் தாயிடம் கேட்கிறார். தாய் மகனை அழைக்கவில்லை, பிளேனோவிலுள்ள மகளை அழைத்து, “தம்பிக்கு என்ன ஆச்சு?” என்கிறார். அக்காள் உண்மையைச் சொல்லி, அப்பாவிடமும் சொல்லிவிடலாம் என்கிறாள். “அப்பாகிட்ட இப்ப சொல்ல முடியாது” என்கிறார் தாய். “ஏன்?” என்ற கேள்விக்குப்பின் நேரும் மௌனத்தில் இரண்டாம் மறைபொருள் வெளியாகிறது.

இங்கு நிகழ்ந்ததைச் சாண்ட்ரா பெட்ரோனியோவின் அந்தரங்க மேலாண்மைக் கோட்பாடு எல்லைக் கலக்கம் எனக் குறிக்கும். ஒரு செய்தியை அறிந்தவர் அனைவரும் அதற்குக் கூட்டு உரிமையாளர் ஆகின்றனர். யாரிடம் சொல்லலாம் என்ற விதி அவர்களுக்குள் ஒத்திராதபோது எல்லை உடைகிறது. சித்தப்பா மகன் எந்த விதியையும் மீறவில்லை. விதி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

தந்தையின் நிலையை அறிந்திருந்தால் மகன் ஊருக்குப் புறப்பட்டிருக்கக்கூடும். அமெரிக்க வேலைவாய்ப்பு அத்துடன் முடிந்திருக்கவும் கூடும். புறப்படாமலிருந்து தந்தைக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், அவ்விழப்போடு ‘எனக்கு ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்வியையும் அவன் வாழ்நாள் முழுதும் சுமந்திருப்பான். மறைத்தவர் காத்ததும் உண்மை. மகன் தானே முடிவெடுக்கும் வாய்ப்பை அவர் பறித்ததும் உண்மை.

அறத்தொடு நிற்றல்: ஓர் ஒப்பீடு

களவொழுக்கத்தை வெளிப்படுத்தும் முறையை அகப்பொருள் இலக்கணம் ‘அறத்தொடு நிற்றல்’ என வகுக்கிறது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உரைப்பர். தந்தையும் தமையரும் குறிப்பினால் உணர்வர் என்பது தொல்காப்பியக் களவியல் தரும் செய்தி. வெளிப்பாடு இங்கு ஒருவரது ஒற்றைச் செயலாக இல்லை. படிகளும் உரியவர்களும் உடைய ஒரு வழியாக இருக்கிறது.

மேற்கண்ட சூழலில் அக்காள் தோழியின் இடத்தில் நிற்கிறாள். அடுத்து நிகழ்வதும் இம்முறையை ஒத்ததே. தாய் தந்தையிடம் வேலையிழப்பைச் சொல்லவில்லை. “இந்த மாசம் பணம் கொஞ்சம் தாமதமா வரும்னு சொன்னான்” என்கிறார். தந்தை சற்று நேரம் கழித்து, “அவனை அலட்டிக்க வேண்டாம்னு சொல்லு” என்கிறார். உணர்ந்துகொண்டதை உணர்த்தும் விடை அது. மகனோடு நேரில் பேசும்போது இருவரும் அப்பொருளைத் தொடுவதில்லை. தெரியும் என்பது தெரிந்திருந்தும் பேசாமலிருக்கும் இந்நிலையை வெளிப்படை என்றோ மறைப்பு என்றோ தனித்து வகைப்படுத்த இயலாது. இரண்டும் ஒருங்கே நிறைவேறுகின்றன.

உறவு முரணியக்க ஆய்வு தொடக்கத்தில் காதலர், கணவன் மனைவி, நண்பர் போன்ற இருவர் உறவுகளையே பெரிதும் நோக்கியது. இருவருக்குள் மட்டும் பார்த்தால் மேற்கண்ட தந்தையும் மகனும் மனம் திறவாதவர்களாகத் தோன்றுவர். இடையில் நிற்கும் தாயையும் அக்காளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவர்களிடையே செய்தி போய்வந்திருப்பது புலப்படும்.

ஒப்பீட்டுக்கு எல்லையும் உண்டு. களவு கற்பில் முடிவதால் அகமரபின் மறைபொருளுக்கு ஒரு நிறைவு உண்டு. தொலைதூரக் குடும்பத்தின் மறைபொருளுக்கு அத்தகைய நிறைவு இல்லை. மேலும் இலக்கணத்தின் படிகளில் ஒவ்வொருவர் இடமும் முன்னரே வரையறுக்கப்பட்டது. இணையதளத்தில் தோன்றும் ஒரு பச்சை வளையமோ எல்லாப் படிகளையும் ஒரே நொடியில் தாண்டிவிடுகிறது.

முடிவுரை

இத்தகைய கலக்கத்துக்குப் பின் குடும்பங்கள் தமக்குள் விதிகளைப் புதுப்பித்துக்கொள்கின்றன. மருத்துவமனையில் சேர்த்தால் அன்றே சொல்ல வேண்டும். வேலை பற்றிய செய்தியை நிலை தெளிந்தபின் சொல்லலாம் எனப் பொருள்வாரியாகப் பிரித்துக்கொள்வது ஒருவகை. பாக்சுடரும் மான்ட்கோமெரியும் பொருட்பிரிப்பு என்று விளக்கும் நடைமுறை இதுவே. ஆனால் இவ்விதியும் நிலையானதன்று. ‘மருத்துவமனை’ என்பதில் ஒருநாள் பரிசோதனை அடங்குமா என்ற கேள்வி எழும்போது இழுபறி மீண்டும் தொடங்கும். ஆகவே தொலைதூரத் தமிழ்க் குடும்பங்களை ஆராய்வோர் எவ்வளவு சொல்லப்பட்டது என்பதை மட்டும் அளந்தால் போதாது. செய்தி எவர் வழியாகச் சென்றது, எங்கே நின்றது, நின்ற இடத்தில் யார் அதைக் குறிப்பால் உணர்ந்தார் என்பவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும்.